சிமென்ட் ஆலையின் வரிச்சுமை யார் தோளில்? செந்துறையிலிருந்து ஒரு கணக்கு

பெருநிறுவனங்களின் மீதான வருமான வரி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. வரியை உயர்த்தினால் நிறுவனம் அதைப் பொருளின் விலையில் ஏற்றிவிடும், எனவே துன்பப்படுவது வாங்கும் ஏழைதான் என்பது ஒன்று. வரியைக் குறைத்தால் முதலீடு பெருகும், வேலையும் கூலியும் உயரும், எனவே பயன்பெறுவது தொழிலாளிதான் என்பது மற்றொன்று. இரண்டிலும் பங்குதாரர் என்ற ஒருவர் காட்சியிலேயே இல்லை.

நிறுவனம் என்பது சட்டம் படைத்த ஆள். அதற்குப் பசி கிடையாது, பிள்ளைகளின் படிப்புச் செலவும் கிடையாது. வரித்தொகையை அரசுக் கணக்கில் செலுத்துவது நிறுவனமாயினும், அதனால் கை சுருங்குவது மனிதர்களுக்கே. உரிமையாளருக்கு இலாபம் குறையலாம். தொழிலாளிக்குக் கூலி குறையலாம். வாங்குபவருக்கு விலை கூடலாம். எது எந்த அளவுக்கு என்பது சந்தையில் யாருக்கு நகர்ந்து செல்லும் வழி இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைப் பொறுத்தது. சாதி ஏற்கெனவே பலருக்கு அந்த வழியை அடைத்து வைத்திருக்கும் நாட்டில், இது பொருளாதார அறிஞர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

இக்கேள்வியை ஆராய அரியலூர் மாவட்டத்தின் செந்துறை வட்டம் பொருத்தமான இடம். ஆலத்தியூரில் ராம்கோ நிறுவனத்தின் ஆலையும் தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தின் ஆலையும் இங்கே இருக்கின்றன. அருகிலுள்ள பகுதிகளில் அரசின் டான்செம், டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு ஆலைகள் இயங்குகின்றன. மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கும் ஒரே காரணத்தால் இத்தனை மூலதனம் இங்கு வந்து அமர்ந்தது.

2019 செப்டம்பர் 20: ஒரு சோதனை

அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், நிறுவனங்களின் அடிப்படை வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்து அறிவித்தார். மேல்வரியையும் செஸ்ஸையும் சேர்த்தால், பெரிய நிறுவனம் ஒன்றின் சுமை 34.94 விழுக்காட்டிலிருந்து 25.17 விழுக்காடாக இறங்கியது. புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு என்ற இன்னும் குறைந்த விகிதம் அறிவிக்கப்பட்டது. இவற்றால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் கைவிடப்படும் என்று அரசே மதிப்பிட்டது.

நூறு ரூபாய் இலாபத்தில், வரி போக முன்பு உரிமையாளருக்கு மிஞ்சியது 65 ரூபாய். புதிய விகிதத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ 75 ரூபாய். ஒரு மூட்டைகூட அதிகமாக விற்காமலேயே, வரிக்குப் பிந்தைய இலாபம் 15 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது. புதிய விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் வேறு பல சலுகைகளைக் கைவிட வேண்டும் என்பதால் உண்மையான ஆதாயம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பலருக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் திசை ஐயத்துக்கு இடமற்றது. இந்தப் பத்து ரூபாய் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தேடினால், அதுவரை அந்தச் சுமையை யார் சுமந்திருந்தார் என்பதும் தெரியவரும்.

வாங்குபவருக்கு வந்ததா?

காலனியில் தொகுப்பு வீட்டைப் பழுதுபார்க்கும் ஒரு குடும்பம் சிமென்ட் வாங்குகிறது என்று கொள்வோம். கணக்கின் எளிமைக்காக, சரக்கு சேவை வரிக்கு முந்தைய விலை மூட்டைக்கு 300 ரூபாய் என்றும், அதில் நிறுவனத்தின் வரிக்கு முந்தைய இலாபம் 30 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் அந்த 30 ரூபாய்க்கு நிறுவனம் செலுத்தியது 10 ரூபாய் 48 காசு. புதிய விகிதத்தில் செலுத்துவது 7 ரூபாய் 55 காசு. முழுச் சலுகையையும் விலையில் குறைத்துக் கொடுத்தாலும் மூட்டைக்கு மூன்று ரூபாய்கூடக் குறையாது.

இதே மூட்டைக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காடாக இருந்தபோது அக்குடும்பம் செலுத்தியது 84 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 விழுக்காடாக இறக்கப்பட்டபின் 54 ரூபாய். இலாபத்தின் மீதான வரி மூன்று ரூபாய் பற்றியது. விற்பனை மீதான வரியோ முப்பது ரூபாய் பற்றியது. "நிறுவன வரியை உயர்த்தினால் ஏழை வாங்கும் பொருளின் விலை ஏறும்" என்று எச்சரிப்பவர்கள், எட்டாண்டுகளுக்கு மேல் அந்த ஏழை ஒவ்வொரு மூட்டைக்கும் 28 விழுக்காடு செலுத்தி வந்ததை மறந்துவிடுகிறார்கள்.

அந்த மூன்று ரூபாயாவது வாங்குபவருக்கு வந்திருக்குமா? வருவதற்கான காரணம் வலுவாக இல்லை. வருமான வரி இலாபத்தின் மீது விழுவது. எந்த விலையில் விற்றால் வரிக்கு முந்தைய இலாபம் உச்சத்தை அடையுமோ, அதே விலையில்தான் வரிக்குப் பிந்தைய இலாபமும் உச்சத்தை அடையும். போட்டி கடுமையாக இருந்தால், கூடுதல் இலாபத்தைப் பார்த்துப் புதியவர்கள் சந்தைக்குள் வந்து நாளடைவில் விலையை இறக்கக்கூடும். ஆனால் சிமென்ட் எடை மிகுந்த, எடைக்கு ஏற்ற விலையில்லாத சரக்கு. நெடுந்தொலைவு கொண்டுசெல்லச் செலவு மிகும். எனவே ஒவ்வொரு வட்டாரத்திலும் சில ஆலைகளே சந்தையை நிர்ணயிக்கின்றன. 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம், விலையைக் கூடிப் பேசி நிர்ணயித்ததாகப் பதினொரு சிமென்ட் நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. நடைமுறைக் குறையால் ரத்தான அந்த ஆணை 2016இல் மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு எதுவாயினும், வரிச்சலுகையைத் தானாகவே வாங்குபவரிடம் கொண்டுசேர்க்கும் சந்தை இதுவன்று. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு டான்செம் வழியாக 'வலிமை' சிமென்ட்டைக் கொண்டுவர வேண்டியிருந்ததும் விலை தானே இறங்கவில்லை என்பதையே காட்டுகிறது.

கூலியாக வந்ததா?

இங்குதான் பொருளாதார ஆய்வாளர்களிடையே நெடுங்காலக் கருத்துவேறுபாடு நிலவுகிறது. 1962இல் ஆர்னால்டு ஹார்பர்கர், நாட்டைவிட்டு மூலதனம் வெளியேற முடியாத நிலையில் இந்த வரியை ஏறத்தாழ முழுவதும் மூலதனத்தின் உரிமையாளர்களே சுமக்கிறார்கள் என்று காட்டினார். பிற்காலத்தில், எல்லை தாண்டி மூலதனம் ஓட முடியுமானால் ஓட முடியாத தொழிலாளியே சுமப்பார் என்ற வாதம் வலுப்பெற்றது. ஜெர்மனியின் உள்ளாட்சிகள் விதிக்கும் தொழில்வரியை ஆராய்ந்து ஃபூஸ்ட், பைஷல், சீக்லோக் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வரி உயர்வின் சுமையில் ஏறத்தாழ பாதி கூலிக்குறைவாகத் தொழிலாளர் மீது விழுகிறது என்று கண்டது. அதிலும் திறன்பயிற்சி குறைந்தோரும் பெண்களும் இளையோரும் கூடுதலாகச் சுமந்தனர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதிக் கணிப்பு அலுவலகமோ, நான்கில் மூன்று பங்கு மூலதனத்துக்கும் ஒரு பங்கு உழைப்புக்கும் என்றே கணக்கிடுகிறது.

இம்முடிவுகளைச் செந்துறைக்குப் பொருத்தும்போது முதலில் நினைவில் கொள்ள வேண்டியது சுண்ணாம்புக்கல்லை. மென்பொருள் நிறுவனம் மேசை நாற்காலியோடு வேறு ஊருக்குப் போய்விடலாம். ஆலத்தியூர்ச் சூளையும் தளவாய்ச் சுரங்கமும் போக முடியாது. அடுத்த ஆலையை ஆந்திரத்தில் கட்டுவதா தமிழ்நாட்டில் கட்டுவதா என்பதில் வரிவிகிதம் ஓரளவு பங்கு வகிக்கலாம். ஆனால் ஒன்றிய அரசின் வருமான வரி இரு மாநிலத்துக்கும் ஒன்றுதான். மேலும், 22 விழுக்காடு என்ற சலுகை எப்போதோ கட்டி முடிக்கப்பட்ட ஆலைகளின் இலாபத்துக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. கட்டி முடித்த சூளையை எந்தச் சலுகையும் மறுபடி கட்டவைக்காது. அது புதிய முதலீட்டுக்கான தூண்டுதல் ஆவதைவிடப் பழைய முதலீட்டுக்குக் கிடைத்த எதிர்பாராத வரவாகவே ஆகிறது.

இரண்டாவதாக நினைவில் கொள்ள வேண்டியது, இலாபம் கூலியாக மாறுவதற்கு ஒரு வாய்க்கால் தேவை என்பது. அந்த வாய்க்கால் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் போனஸ் சட்டத்தில் தெளிவாகக் காணலாம்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், நிறுவனத்தின் மொத்த இலாபத்திலிருந்து தேய்மானத்தையும் நேரடி வரிகளையும் வேறு சில தொகைகளையும் கழித்து, எஞ்சும் உபரியில் 60 அல்லது 67 விழுக்காட்டைத் தொழிலாளர்க்குப் பகிர்வதற்கென ஒதுக்கச் சொன்னது. அந்த ஒதுக்கத்தின் அளவுக்கு ஏற்ப, ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடும் அதிகமாக 20 விழுக்காடும் போனஸ் கிடைக்கும். நேரடி வரி கழிவாக இருப்பதால், வரி குறைந்தால் பகிரத்தக்க உபரி தானாகவே கூடும். நூறு கோடி இலாபமுள்ள நிறுவனத்தில் வரி ஏறத்தாழ பத்துக் கோடி குறைந்தால், 60 விழுக்காட்டுக் கணக்கில் ஆறு கோடி அளவுக்குப் பகிர்வுத் தொகை உயர வேண்டும். வரிக்குறைப்பைத் தொழிலாளியிடம் கொண்டுபோகும் வாய்க்கால் ஒன்றைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

அந்த வாய்க்கால் எவ்வளவு தூரம் போகிறது? ஏற்கெனவே 20 விழுக்காடு கொடுக்கும் இலாபகரமான ஆலையில் அதற்கு மேல் ஒரு காசும் கூடாது. போனஸ் கணக்கிடப்படுவது முழுச் சம்பளத்தின் மீதன்று. 1965ஆம் ஆண்டின் சட்டத்தில் மாதம் 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, இவற்றில் அதிகமானதன் மீதே அது கணக்கிடப்பட்டது. சட்டம் நிர்ணயித்த சம்பள வரம்புக்கு மேற்பட்டவர் இதில் வரமாட்டார். இத்தனை மடைகளையும் கடந்து வருவது நிரந்தரத் தொழிலாளிக்குச் சிறு ஊற்று.

மூட்டை ஏற்றுபவர், சுரங்கத்தில் பாரம் சுமப்பவர், ஆலை வளாகத்தைத் துப்புரவு செய்பவர் ஆகியோர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் இன்று ஐந்தில் இரண்டு பங்குத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் இருப்பதாக அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பே கூறுகிறது. சட்டத்தின் பார்வையில் இவர்களுடைய முதலாளி ஒப்பந்தக்காரர். எனவே போனஸ் கணக்கும் ஒப்பந்தக்காரரின் இலாபத்திலிருந்தே தொடங்குகிறது, ஆலையின் இலாபத்திலிருந்தன்று. ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் தனிநபராகவோ கூட்டாண்மையாகவோ இருப்பார். அவருக்கு நிறுவன வருமான வரி விகிதமே பொருந்தாது. 2019இன் வரிக்குறைப்பு அவருடைய கணக்கேட்டைத் தொடவேயில்லை. ஆலை வாசலுக்குள்ளே ஒரே சிமென்ட்டைத் தயாரிக்கும் இருவரில் ஒருவருக்கு வாய்க்கால் உண்டு, மற்றவருக்கு இல்லை.

வாய்க்கால் இல்லாத பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் எவரும் கண்ணால் காணலாம். மாநிலத்தின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர் பட்டியல் சாதியினர். இவ்விரு மாவட்டங்களிலும் அந்தப் பங்கு இன்னும் அதிகம். நிலமற்ற குடும்பத்துக்கு ஆலைக்கூலியை மறுத்து நிற்கும் வலு குறைவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதிலும் பட்டியல் சாதியினர் பயிரிடும் நிலம் மொத்தப் பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நகர முடியாதவரே சுமப்பார் என்ற பொருளாதார விதி, இங்கு சேரியில் வந்து நிற்கிறது. வரி கூடும்போது ஒப்பந்தத் தொகையை இறுக்கி அச்சுமையை அவர்மீது இறக்க முடியும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முறையாக அமலானால் மட்டுமே அதற்கு ஒரு தடை இருக்கும். வரி குறையும்போதோ அவருக்கு எதையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அமெரிக்காவின் 2017ஆம் ஆண்டு வரிக்குறைப்பை வரிப்பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள், ஊதிய உயர்வு ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்தட்டின் பத்து விழுக்காட்டினருக்கே போனது என்றும், அதற்குக் கீழே இருந்த தொண்ணூறு விழுக்காட்டினரின் ஊதியத்தில் மாற்றம் தென்படவில்லை என்றும் கண்டனர். இந்திய ஒன்றிய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையும், பெருநிறுவனங்களின் இலாபம் பன்மடங்கு பெருகிய வேகத்துக்கு வேலைவாய்ப்பும் ஊதியமும் ஈடுகொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று குறுக்கிட்டதால் வரிக்குறைப்பின் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கூலி உயர்ந்ததற்கான சான்றைக் காட்ட வேண்டிய கடமை, உயரும் என்று வாக்களித்தவர்களுடையது.

எஞ்சியிருப்பவர் பங்குதாரர்

விலை இறங்கவில்லை, ஒப்பந்தக் கூலி அசையவில்லை என்றால், அந்தப் பத்து ரூபாயின் பெரும்பகுதி உரிமையாளரிடமே தங்கியது என்று கொள்வதே நேர்மையான முடிவு. அப்படியானால் வரி உயர்ந்திருந்த காலத்தில் அதன் பெரும்பகுதியைச் சுமந்தவரும் அவரே.

உரிமையும் அதிகாரமும் யாரிடம்? இந்தியாவின் முன்னணி ஆயிரம் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை அஜித், டோங்கர், சக்சேனா ஆகியோர் ஆராய்ந்து 2012இல் 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி'யில் வெளியிட்ட கட்டுரை, இயக்குநர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர் என்றும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடே என்றும் கண்டது. வருங்கால வைப்புநிதி 2015 முதல் தன் புதுவரவில் ஒரு சிறு பகுதியைப் பங்குச் சந்தையில் இடுவதால் தொழிலாளியும் மறைமுகப் பங்குதாரர்தான் என்று சிலர் வாதிடுவர். உண்மையே. ஆனால் வைப்புநிதிக் கணக்கு ஒழுங்காக இருப்பவருக்கே அது பொருந்தும். அவருக்கும் கிடைப்பது அறிவிக்கப்பட்ட வட்டியே.

கணக்கில் வராத நான்காம் ஆள்

பங்குதாரர், தொழிலாளி, வாங்குபவர் என்ற மூவரோடு பாடநூல் நின்றுவிடுகிறது. கைவிடப்பட்ட வரிப்பணத்தை எதிர்நோக்கியிருந்தவர் நான்காமவர். 2018-19இல் 6.63 லட்சம் கோடியாக இருந்த நிறுவன வரி வசூல், 2019-20இல் 5.57 லட்சம் கோடியாக இறங்கியது. இலாபம் பெருகியதால் பின்னர் வசூல் மீண்டது, 2023-24இல் 9.11 லட்சம் கோடியை எட்டியது. குறைப்பை ஆதரிப்போர் இதைச் சுட்டுகிறார்கள். ஆனால் அதே ஆண்டில் தனிநபர் வருமான வரி 10 லட்சம் கோடியைத் தாண்டி, நிறுவனங்கள் செலுத்தியதை விஞ்சிவிட்டது. சுமை இடம் மாறியிருக்கிறது.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை, பட்டியல் சாதி மாணவர்க்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒன்றியத்தின் பங்காக 35,534 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. நான்கு கோடி மாணவர்கள் பயன்பெறுவர் என்று அது பெருமையோடு அறிவிக்கப்பட்டது. ஓராண்டு வரிக்குறைப்புக்கு அரசு மதிப்பிட்ட 1.45 லட்சம் கோடி, இந்த ஐந்தாண்டு ஒதுக்கீட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். உதவித்தொகை தாமதமாகும்போது கல்லூரியின் வாசலில் நிறுத்தப்படும் செந்துறை மாணவியும் இந்த வரிக் கணக்கில் ஒரு தரப்பு.

கேட்க வேண்டியவை

வரிவிகிதம் எத்தனை விழுக்காடு என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. இலாபம் கூலியாக மாறும் வாய்க்கால் யாருக்கு அடைபட்டிருக்கிறது என்பதே மையம். ஆலையின் நிரந்தர வேலைகளைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு, ஒப்பந்தக்காரரின் இலாபத்தை வைத்தன்றி முதன்மை நிறுவனத்தின் உபரியை வைத்தே போனஸ் கணக்கிடப்பட வேண்டும். இது சட்டத்தில் செய்யத்தக்க திருத்தம். தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கத்தக்கது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள், 2022-23 முதல் செபியின் ஆணைப்படி தம் ஆண்டறிக்கையோடு பொறுப்புடைமை அறிக்கையையும் வெளியிட வேண்டும். நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதோர் எத்தனை பேர், அவர்களில் குறைந்தபட்சக் கூலி மட்டும் பெறுவோர் எவ்வளவு என்பன அதில் உண்டு. எவரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். அதே ஆண்டறிக்கையின் வரிக்குறிப்பில், நிறுவனம் எந்த விகிதத்தில் வரி செலுத்தியது என்பதும் இருக்கும். ஆண்டுக்காண்டு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சலுகை எங்கே தங்கியது என்பது பெருமளவு புலப்படும். அந்த அறிக்கையில் பாலினத்துக்குக் கட்டம் உண்டு, சாதிக்கு இல்லை. சுரங்கத்திலும் ஏற்றுகூடத்திலும் யார், கட்டுப்பாட்டு அறையில் யார், இயக்குநர் குழுவில் யார் என்று கேட்கும் ஒரு கட்டத்தை அதில் சேர்க்கச் செய்வது, அடுத்த வரிச்சலுகை அறிவிக்கப்படும் முன்பே நாம் வற்புறுத்த வேண்டியது.